சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள்

(புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் குடியிருப்பு இளைஞர்களுக்காகச் சங்கம் நடத்திய ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம், இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். வேலையில் தவறு நேர்ந்தால் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று பேசச் சொன்னார்கள். எல்லாத் துறைக்கும் பொருந்தும்படி பேசினால் அது யாருக்கும் பயன்படாத பேச்சாகிவிடும். நான் நெடுங்காலம் கணக்குப் பிரிவில் இருந்தவன். எனவே கணக்குப் பிரிவில் அடிக்கடி நேரும் ஒரே ஒரு தவறை எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம். தவறான கணக்குக்குப் பணம் அனுப்பிவிடுவது. வேறு துறையில் இருப்பவர்களுக்கும் இது தேவைப்படும், ஏனென்றால் இன்று வீட்டிலிருந்தே நாம் எல்லோரும் இதே முறையில்தான் பணம் அனுப்புகிறோம்.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் சப்ளையருக்குப் பணம் அனுப்ப அதிகம் பயன்படுவது நெஃப்ட். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்.டி.ஜி.எஸ். வழியாகவும் அனுப்பலாம். நெஃப்ட் பணம் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பரிலிருந்து இது இரவு பகல், ஞாயிறு, விடுமுறை எல்லா நேரமும் நடக்கிறது. தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவரின் வங்கி பணத்தை வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அடித்த கணக்கு எண்ணே இல்லாத எண் என்றால் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும். அது பெரிய விஷயம் இல்லை. அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவருக்குக் கணக்கு இருந்தால்தான் சிக்கல். நெஃப்டில் வரவு வைப்பது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து இல்லை. நீங்கள் மேலே எந்தப் பெயரைப் போட்டிருந்தாலும் எண் யாருடையதோ அவருக்குப் போய்விடும். 2025 ஏப்ரல் 1 முதல், அனுப்பும் முன்பே கணக்குக்காரர் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போதுதான் நாம் அதைப் பார்ப்போம். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பழைய பெயரைச் சொடுக்கும்போது பார்க்க மாட்டோம்.

வரவு வைத்த பிறகு அந்தப் பணத்தை உங்கள் வங்கி தானாக இழுத்துக்கொண்டு வர முடியாது. அந்த வங்கிக்கு எழுதிக் கேட்கும். அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்கும். அவர் கணக்கில் பணம் இருக்கும் வரை இது எளிது. அவர் செலவு செய்துவிட்டால், அல்லது கடன் தவணைக்குப் போய்விட்டால், கஷ்டம். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் சட்டத்தின் வழியாகப் பணத்தை வாங்குவதற்கும், இன்று மாலைக்குள் வாங்குவதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை

இப்போது ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு நிறுவனத்திலும் நடந்ததாக நான் சொல்லவில்லை. உங்களுக்காக அமைத்த எடுத்துக்காட்டு. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் அலுவலகங்களில் நடப்பதுதான்.

இயந்திர உதிரி பாகம் செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கணக்குப் பிரிவில் ஓர் இளம்பெண். அட்டைப்பெட்டி சப்ளை செய்பவருக்கு 1,86,400 ரூபாய் அனுப்ப வேண்டும். பட்டியலில் அதே முதல் சொல்லோடு தொடங்கும் இன்னொரு பெயரும் இருக்கிறது. இரண்டு வருடமாக வேலை கொடுக்காத ஒரு லாரி சர்வீஸ். மூன்று எழுத்து அடித்ததும் இரண்டு பெயரும் வருகின்றன. தவறானதைச் சொடுக்கிவிட்டார். காலை 11.40. மேனேஜர் தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு அப்ரூவ் செய்தார். அவரும் கவனிக்கவில்லை. பணம் போய்விட்டது.

மாலை 3.10க்கு அட்டைப்பெட்டிக்காரர் போன் செய்து, "பணம் இன்னும் வரலையேம்மா" என்கிறார். அந்தப் பெண் திரையைத் திறந்து பார்க்கிறார். தெரிந்துவிடுகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் மாதத்தின் இரண்டாவது சனி, வங்கிக் கிளை விடுமுறை. ஞாயிறும் விடுமுறை. கிளையில் நான்கு மணி வரைதான் ஆள் கிடைப்பார்கள். பணம் நகரும் வழிகள் மட்டும் சனி, ஞாயிறு முழுக்கத் திறந்திருக்கும். லாரி சர்வீஸ்காரர் நினைத்தால் இரவு பத்து மணிக்குக்கூட அந்தப் பணத்தை வேறு எங்காவது அனுப்பிவிடலாம். தடுக்கக்கூடிய மனிதர்கள்தான் திங்கள் வரை இருக்க மாட்டார்கள். ஆக அவரிடம் இருப்பது ஐம்பது நிமிடம்.

இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம், "முதல்ல சரி பண்ணிடுவோம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பதுதான். கெட்ட எண்ணம் இல்லை. பிரச்சினையை மட்டும் கொண்டுபோகாதே, தீர்வோடு போ என்றுதானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் "தீர்வு தொடங்கிவிட்டது" என்பதும் "தீர்வு முடிந்துவிட்டது" என்பதும் வேறு வேறு. இன்று நான் சொல்ல வந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

தானாகச் செய்யக்கூடியது எவ்வளவு

அந்தப் பெண் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும்.

முதலாவது, நடந்தது என்ன என்று உறுதி செய்துகொள்வது. எந்தக் கணக்குக்குப் போனது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யு.டி.ஆர். எண் என்ன. யு.டி.ஆர். என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண். அது இல்லாமல் எந்த வங்கியும் எதையும் தேடாது. அதோடு, வங்கித் திரையில் அந்தப் பணம் வெற்றிகரமாகப் போனதாகக் காட்டுகிறதா, நிலுவையில் நிற்கிறதா, திரும்பி வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அன்று காலை அதே பட்டியலிலிருந்து வேறு யாருக்காவது பணம் போயிருந்தால் அவற்றையும் ஒரு முறை ஒப்பிட்டுவிட வேண்டும். ஒரு தவறைச் சொல்லிவிட்டு வந்து, அரை மணி கழித்து இரண்டாவதைச் சொல்வதைப்போல மோசமானது இல்லை.

இரண்டாவது, தவறான கணக்கு எண் எப்படி வந்தது என்று பார்ப்பது. இது மிக முக்கியம். இந்த எடுத்துக்காட்டில் பழைய பட்டியலில் இருந்த பெயர் என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று வந்த ஒரு மெயிலைப் பார்த்து எண்ணை மாற்றியிருந்தால், இது கைத்தவறு இல்லை, மோசடி. சப்ளையர் பெயரில் திருடர்கள் மெயில் அனுப்புவார்கள். அப்படித் தெரிந்தால் பதினைந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நொடியே மேனேஜரிடம் போக வேண்டும். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதிய வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும்.

மூன்றாவது, கிளைக்குப் போன் செய்து, யு.டி.ஆர். எண்ணோடு மெயிலும் போடுவது. பணம் தவறுதலாகப் போய்விட்டது, பெறுபவர் வங்கிக்குத் தெரிவித்துத் திரும்பப் பெற உதவுங்கள், முறையான கடிதம் பின்னால் வருகிறது என்று எழுதினால் போதும். தகவல் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பின்னால் வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்ளலாம்.

வங்கி அதிகாரி என்ன சொல்வார்? "லெட்டர்ஹெட்ல, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவங்க கையெழுத்தோட கடிதம் அனுப்புங்க." கையெழுத்து அதிகாரம் மேனேஜருக்கும் டைரக்டருக்கும்தான். அந்தப் பெண்ணுக்கு இல்லை.

கவனித்தீர்களா? தானாகச் சரி செய்யும் பாதை இங்கே முடிந்துவிட்டது. மேனேஜர் இல்லாமல் இதற்கு மேல் ஓர் அடிகூட நகராது. "சரி செய்துவிட்டுச் சொல்லலாம்" என்று நினைத்தவர் இந்தச் சுவரில்தான் முட்டி நிற்பார். பிறகு மெயிலுக்குப் பதில் வருமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மணி நான்காகிவிடும்.

கை வைக்கக் கூடாதவை

இன்னும் சில காரியங்கள் சரிசெய்வதுபோலத் தோன்றும், ஆனால் புதிய தவறாக முடியும்.

அட்டைப்பெட்டிக்காரர் காத்திருக்கிறாரே என்று அவருக்கு உடனே இன்னொரு 1,86,400 ரூபாய் அனுப்பக் கூடாது. அடுத்த வாரச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பணமாக அது இருக்கலாம். அந்த முடிவு மேனேஜருடையது.

லாரி சர்வீஸ்காரருக்குத் தானாகப் போன் செய்து பேரம் பேசக் கூடாது. அவருக்கும் கம்பெனிக்கும் பழைய பாக்கி, பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கலாம். "நீங்க எனக்கு அப்பவே தர வேண்டியது இருந்ததே, அதுல கழிச்சுக்கிறேன்" என்று அவர் சொன்னால் அந்தப் பெண்ணிடம் பதில் இருக்காது.

கணக்கு மென்பொருளில் போட்ட பதிவைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. லாரி சர்வீஸுக்குப் பணம் போனது உண்மை. அது உண்மையாகவே நிற்கட்டும். பணம் திரும்பி வரும்போது வரவாகப் பதியலாம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். அதை அணைத்து வைக்கவும் முடியாது. ஆகவே மறைப்பதற்காகச் செய்யும் திருத்தம், மறைக்க முயன்றதற்குச் சாட்சியாகத்தான் மிஞ்சும். அதுவரை வெறும் கைத்தவறாக இருந்தது, ஆடிட்டர் கண்ணில் அதற்குப் பிறகு வேறொன்றாகத் தெரியும்.

சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டவே வேண்டாம். கம்பெனிக் கணக்கில் கணக்குக் கொடுக்க முடியாத ஒரு வரவு உண்டாகிவிடும். அதைப் பிறகு விளக்குவது, முதல் தவறை விளக்குவதைவிடக் கடினம்.

சொல்வது எப்படி

இப்போது மணி 3.25. மேனேஜர் வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். காத்திருக்கலாமா? கூடாது. ஒரு துண்டுச் சீட்டில், "சார், பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது. நான்கு மணிக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும். இரண்டு நிமிடம் வெளியே வர முடியுமா?" என்று எழுதி உள்ளே கொடுக்கலாம். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் கூட்டத்தில் இருப்பவர் போனைப் பார்ப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்தச் சீட்டில் ஏன் வெளியே வர வேண்டும் என்பதற்கான காரணமும் கெடுவும் இருப்பதைப் பாருங்கள். "கொஞ்சம் அவசரம் சார்" என்று மட்டும் எழுதினால் "பத்து நிமிஷம்" என்று கையைக் காட்டிவிடுவார்.

அவர் வெளியே வந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"சார், பெட்டிக்காரருக்குப் போக வேண்டிய 1,86,400 ரூபாயை, காலைல 11.40க்கு, பழைய லாரி சர்வீஸ் கணக்குக்கு நான் தப்பா அனுப்பிட்டேன். பணம் போயிடுச்சுன்னு திரைல காட்டுது. அவங்க கணக்குல இன்னும் இருக்கான்னு தெரியலை. இன்னிக்குப் போன மத்த மூணு பேமெண்டையும் சரி பார்த்துட்டேன், அதெல்லாம் சரியா இருக்கு. பாங்குக்குப் போன் பண்ணி மெயிலும் போட்டாச்சு. உங்க கையெழுத்தோட லெட்டர் கேக்குறாங்க, டைப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன். நாளைக்கு லீவு, அதனால நாலு மணிக்குள்ள போகணும். லாரி சர்வீஸ் ஓனர்கிட்ட நீங்க பேசுறீங்களா? பெட்டிக்காரருக்கு என்ன சொல்றதுன்னும் சொல்லுங்க சார்."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் உள்ள வரிசையைப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே தொகையும் தவறும் வந்துவிட்டன. "சார், நீங்க கோபப்படக் கூடாது" என்று தொடங்கினால், விஷயம் என்ன என்று தெரியும் முன்பே அவர் மனம் பத்து லட்சம், இருபது லட்சம் என்று போய்விடும். "நான் அனுப்பிட்டேன்" என்று சொல்கிறார். "போயிடுச்சு" என்று யாரோ செய்ததுபோலச் சொல்லவில்லை. அடுத்து, தெரிந்ததும் தெரியாததும் தனித்தனியாக இருக்கின்றன. பணம் போனது தெரியும். இன்னும் அங்கே இருக்கிறதா என்பது தெரியாது. "திரும்ப வந்துடும் சார்" என்று ஆறுதலுக்குக்கூட அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால், அதை நம்பி மேனேஜர் தன் முதலாளிக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுவார்.

பிறகு, செய்தது என்ன, மேனேஜர் செய்ய வேண்டியது என்ன, எத்தனை மணிக்குள் என்பது. "டைப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்பதுதான் தொடங்கிவிட்ட தீர்வு. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. "நீங்களும்தானே சார் அப்ரூவ் பண்ணீங்க" என்பது. அது உண்மைதான். மேனேஜருக்கே அது அடுத்த நிமிடம் உறைக்கும். ஆனால் அந்த வாக்கியம் வெளியே வந்த நொடியில் பேச்சு யார் மேல் தவறு என்பதற்குத் திரும்பிவிடும். நான்கு மணிக் கெடுவை இருவரும் மறந்துவிடுவார்கள்.

மன்னிப்பு ஒரு முறை கேட்டால் போதும், அதுவும் கடைசியில். ஐந்து முறை கேட்டால் மேனேஜர் கடிதத்தைப் படிக்காமல் உங்களைத் தேற்ற ஆரம்பிப்பார், அல்லது இன்னும் எரிச்சலாவார். இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்ற யோசனையும் அப்போது வேண்டாம். அதை அடுத்த வாரம் சொல்லலாம்.

நிதானமாகச் சொல்வது என்றால் பயம் இல்லாமல் இருப்பது என்று நினைக்காதீர்கள். பயம் இருக்கத்தான் செய்யும். போகும் முன் ஒரு தாளில் தொகை, நேரம், யு.டி.ஆர். எண், கேட்க வேண்டியவை என்று நான்கு வரி எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். குரல் நடுங்கினாலும் தாளைப் பார்த்துப் படித்துவிடலாம். நேரில் பேசிய பிறகு, அதே விஷயத்தை ஒரு சிறிய மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேலே தெரிவிக்கவும் உதவும், நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்குப் பதிவாகவும் இருக்கும்.

அதன் பிறகு நடந்தவை

மேனேஜர் கோபப்பட்டார் என்றே வைத்துக்கொள்வோம். "ஒரு பேரைக்கூடப் பார்த்து அமுக்கத் தெரியாதா?" என்கிறார். அதற்குப் பதில் வாதம் இல்லை. "தப்புதான் சார், மன்னிச்சுக்கோங்க. லெட்டர்ல கையெழுத்து மட்டும் நாலு மணிக்குள்ள வேணும்." கோபக்காரரும் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் செய்ய வேண்டிய காரியம் அவர் கையில் இருக்கிறது.

3.40க்குக் கையெழுத்தாகிறது. ஸ்கேன் செய்து அனுப்பியதும் கிளை அதிகாரி எதிர் வங்கிக்குத் தெரிவிக்கிறார். மேனேஜர் லாரி சர்வீஸ்காரருக்குப் போன் செய்கிறார். அவர் பணம் வந்ததையே பார்க்கவில்லை. பார்த்துவிட்டு, "ஆமா சார், வந்திருக்கு. திங்கக்கிழமை எனக்கு வண்டிக் கடன் டியூ இருக்கு, இதுல போயிருக்கும். நாளைக்குக் காலைல நானே அனுப்பிடுறேன்" என்கிறார். மேனேஜர் இரண்டு விஷயம் சொல்கிறார். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திருப்ப வேண்டும், வேறு எண் யார் சொன்னாலும் அனுப்பக் கூடாது. நீங்களே அனுப்புவதாக இருந்தால் உங்கள் வங்கி கேட்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வழியிலும் பணம் போய்விடும். இரண்டையும் எழுத்திலும் அனுப்பச் சொல்கிறார்.

அட்டைப்பெட்டிக்காரர் பதிவு பெற்ற சிறு நிறுவனம். அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்த பில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கெடு முடிகிறது. அதைப் பார்த்து மேனேஜர், "திருப்பி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே அனுப்பிடு" என்கிறார். இந்த முறை இருவரும் சேர்ந்து கணக்கு எண்ணைப் படித்துப் பார்க்கிறார்கள். மறுநாள், வங்கி விடுமுறை அன்றே, நெஃப்டில் பணம் திரும்பி வருகிறது.

இப்போது அதே பெண் திங்கட்கிழமை சொல்லியிருந்தால் என்று யோசியுங்கள். தவறு அதேதான், தொகையும் அதேதான். ஆனால் பணம் வண்டிக் கடனுக்குப் போயிருக்கும். லாரி சர்வீஸ்காரர் நல்லவராகவே இருந்தாலும் கையில் பணம் இருக்காது, மாதத் தவணையில் தருகிறேன் என்பார். பெட்டிக்காரரின் கெடு தாண்டியிருக்கும். மேனேஜரின் முதல் கேள்வியும் மாறியிருக்கும். "எப்படி நடந்தது?" என்று கேட்டிருக்க வேண்டியவர், "வெள்ளிக்கிழமையே தெரியுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது.

சீக்கிரம் சொன்னால் பணம் கட்டாயம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பெறுபவர் முகம் தெரியாதவராக இருந்து, வந்த அன்றே எடுத்துவிட்டால், மூன்று மணிக்குச் சொல்லியும் பயன் இருக்காது. அப்போதும் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தேவையான தேதி, எண், கடிதம் எல்லாம் முதல் நாளே கையில் இருக்கும். அது சிறிய விஷயம் இல்லை.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகள்

"எந்தத் தீர்வுமே தோன்றாவிட்டால் என்ன செய்வது, சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். தீர்வு தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். பதினைந்து நிமிடம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் என்ன தெரிந்ததோ அதோடு போங்கள். "என்ன நடந்ததுன்னு தெரியும், என்ன செய்யணும்னு தெரியலை, யாரைக் கேக்கணும்?" என்று கேட்பதும் தொடங்கிய தீர்வுதான். ஆள் உயிருக்கு, உடம்புக்கு ஆபத்து என்றால் அந்தப் பதினைந்து நிமிடமும் கிடையாது.

"தவறு பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் போய் நின்றால் திட்ட மாட்டார்களா?" என்று ஓர் அம்மா தன் மகளுக்காகக் கேட்டார். நல்ல கேள்வி. நீங்களே முழுதாகச் சரிசெய்ய முடிந்து, வெளியாள் யாரையும் தொடாமல், பணமும் கெடுவும் பாதிக்கப்படாமல் இருந்தால், சரிசெய்துவிட்டு மாலையில் ஒரு வரி சொன்னால் போதும். அனுப்பும் முன்பே பிடித்துவிட்ட தவறான எண் அப்படிப்பட்டது. பணம் வெளியே போய்விட்டாலோ, வேறொருவர் கையெழுத்தோ அனுமதியோ தேவைப்பட்டாலோ, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலோ, உடனே சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

மேனேஜர்களாக இருக்கும் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் தாளோடு வந்து நின்றால் முதலில் "எத்தனை மணிக்குள்ளே, நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். எப்படி நடந்தது என்பதை மாலையில் கேட்கலாம். அந்தப் பெண் அடுத்த வாரம் ஒரு யோசனையோடு வருவார்: ஒரு வருடமாகப் பணம் போகாத பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம், அனுப்பும் முன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை பில்லோடு ஒப்பிடலாம் என்பார். அதைக் கேட்டுச் செய்யுங்கள். நம் சங்கத்தின் பொருளாளரும் லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் இதே திரையில்தான் பணம் அனுப்புகிறார். நம் பட்டியலையும் ஒரு முறை சுத்தம் செய்துவிடலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.